கம்பி குறுக்கிடும் இடம் கணு அல்ல

“ஒரு மின்சுற்றில் 5 கணு, 10 கிளை, எல்லாக் கணுவும் ஒன்றோடொன்று இணைப்பு. ஐங்கோணமாக வரைந்தால் கம்பிகள் அடைக்கும் 11 ஜன்னல் வருகிறது. 11 மெஷ் சமன்பாடா?”

இல்லை, சார்பற்ற வளையச் சமன்பாடுகள் 6 தான்: 10 − 5 + 1. கணுச் சமன்பாடுகள் 5 − 1 = 4.

கம்பிகள் தொடாமல் குறுக்கிடும் 5 இடங்களையும் சந்திப்பாக எண்ணியிருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு மூலைவிட்டமும் மூன்று துண்டாகி, துண்டுக்கொரு மின்னோட்டம் கிடைக்கும். ஒரே கிளையில் அது நடக்காது. மெஷ் முறையில் ஒரு கிளை அதிகபட்சம் இரண்டு ஜன்னலுக்குத்தான் எல்லை.

சரிபார்க்க, வளையம் உண்டாகாமல் ஐந்து கணுக்களையும் இணைக்கும் 4 கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு கிளையும் ஒரு வளையம் தரும். அந்த ஆறும் சார்பற்றவை. ஆனால் நான் கணு முறையில்தான் போடுவேன், நாலோடு முடியும்.

குறுக்கீடு தெரிந்தாலே மெஷ் உதவாது என்றில்லை. இந்தச் சுற்றை எப்படி வரைந்தாலும் குறுக்கீடு வரும், அதனால் மெஷ் முறை இதற்குப் பொருந்தாது; ஆனால் ஒரு கிளையை எடுத்துவிட்டால், மிச்சத்தைக் குறுக்கீடே இல்லாமல் வரையலாம்.