பேசும் முன் யோசிக்கும் கண்கள்

"நான் அனிமேட் செய்யும் ஷாட்டில் ஒருவன், 'சாவியை எங்கே வைத்தாய்?' என்ற கேள்விக்கு யோசித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். 2 விநாடி இடைவெளி விட்டேன், சிலை மாதிரி நிற்கிறான். கண்ணை அசைத்தால் பயந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். என்ன செய்வது?"

முதலில் அந்த 2 விநாடிக்குள் அவன் மனதில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி உறைக்கிறது, தேடுகிறான், கிடைத்துவிடுகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில்தான் முகம் அசைய வேண்டும்; நடுவில் கண் ஒரே இடத்தில் நிற்கட்டும். உங்கள் ஆள் பயந்தவனாகத் தெரிவதற்குக் காரணம், கண் சம இடைவெளியில் ஓயாமல் தாவுவதாக இருக்கலாம்.

விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் உங்களிடம் 48 இருக்கின்றன. முதல் 8 ஃபிரேம் கேட்டவர் முகத்திலேயே பார்வை இருக்கட்டும். பிறகு 2 ஃபிரேமில் கண் பக்கவாட்டில் சற்றுக் கீழே தாவட்டும். மேல் இமையும் கூடவே இறங்க வேண்டும், இல்லையென்றால் விழிப்பது போல இருக்கும். தலை 3 ஃபிரேம் தாமதமாக, கொஞ்சமாகத் திரும்பினால் போதும். அங்கே 14 ஃபிரேம் போல நின்றபின் இன்னொரு சின்னத் தாவல்; அதோடு ஒரு புருவம் மட்டும் லேசாகச் சுருங்கட்டும். இந்த நிறுத்தம் முந்தையதைவிடக் குறைவு, 8 ஃபிரேம்.

இப்போது விடை கிடைத்துவிட்டது. அதைக் காட்ட ஒரு சிமிட்டல்: மூட 2, மூடியபடி 1, திறக்க 3. மூடியிருக்கும் ஃபிரேமிலேயே விழியைக் கேட்டவர் பக்கம் மாற்றிவிடுங்கள். இமை திறக்கும்போது புருவமும் தளர்ந்திருந்தால் 'ஆ, ஞாபகம் வந்துவிட்டது' என்பது சொல்லாமலே புரிந்துவிடும். மீதி ஃபிரேம்களில் வாய் லேசாகத் திறந்து மூச்சை இழுக்கட்டும், அப்புறம் "மேசை மேலே" என்று சொல்லட்டும். ஷாட்டில் இந்த ஒரு சிமிட்டலே போதும். இன்னும் நாலைந்து சேர்த்தால் இதன் அர்த்தம் கரைந்துவிடும்.

கணினி அனிமேஷனில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு கீகளுக்கு நடுவே மென்பொருள் போடும் வழவழப்பான வளைவால் விழி மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும். பெரும்பாலும் நகரும் பொருளைத் தொடரும்போதுதான் கண் அப்படிச் சீராக நகரும். மற்றபடி தாவித் தாவித்தான் போகும். அதனால் தாவலுக்கு முன்னும் பின்னும் கீ வைத்து, நிறுத்தத்தில் கர்வைத் தட்டையாக்கிவிடுங்கள்.

இந்தப் பக்கம் பார்த்தால் ஞாபகம், அந்தப் பக்கம் பார்த்தால் பொய் என்று ஒரு பட்டியல் சுற்றிவருகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஷாட்டின் அமைப்பில் எந்தப் பக்கம் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் அவனைப் பார்க்க வையுங்கள்.

முடித்ததும் ஒலியை நிறுத்தி, வாயைக் கையால் மறைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த ஃபிரேமில் அவனுக்கு விடை கிடைத்தது என்று புதிதாகப் பார்க்கிற ஒருவரால் காட்ட முடிய வேண்டும். தூர ஷாட் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அங்கே விழி தெரியாது, தலையும் மூச்சும்தான் வேலை செய்யும்.