ராஜி ஆகிட்டோம், கேஸ் முடிஞ்சுதா? கேள்வி பதில்

பண்ருட்டியிலிருந்து ஒருவர்: வரப்புத் தகராறில் பங்காளி என்னை அடிச்சுட்டான். எஃப்ஐஆர்ல 296(பி), 115(2), 351(3) போட்டிருக்காங்க. இப்போ பேசி முடிச்சுட்டோம். கீழ்க்கோர்ட்டில் ராஜி மனு போட்டா போதுமா சார்?

போதாது. பிஎன்எஸ்ங்கிற புதுத் தண்டனைச் சட்டத்தில் 115(2) சாதாரணக் காயம். அடிபட்டவர் நீங்க, கோர்ட்டு அனுமதி இல்லாமலே ராஜி ஆகலாம். அது விடுதலைக்குச் சமம். ஆனா ஆபாசமாத் திட்டினதுக்கான 296(பி), புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 359-ல் இருக்கிற, ராஜி ஆகக்கூடிய குற்றங்களோட பட்டியலிலேயே கிடையாது. கொலை மிரட்டலுக்கான 351(3)-ம் இல்லை. வெறும் மிரட்டல், அதாவது 351(2) மட்டும் இருந்தா முடிச்சிருக்கலாம்.

நம்ம பக்கம் சின்னக் கைகலப்புக்கும் "அசிங்கமாத் திட்டி, கையால் அடித்து, கொன்னுடுவேன்னு மிரட்டினான்"னு புகாரில் ஒரே மூச்சில் எழுதிடுறாங்க. கோபத்தில் எழுதின அந்த வரிதான் இப்போ குறுக்கே நிக்குது.

மிச்சத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 528-வது பிரிவில் ரத்து மனு போடணும். ரெண்டு பேரும் கையெழுத்திட்ட சமரசப் பத்திரமும் பிரமாணப் பத்திரமும் வேணும். வந்திருக்கிறது நீங்கதான்னு விசாரணை அதிகாரி அடையாளம் சொல்வார். பட்டியலில் இல்லாத குற்றத்தையும் இப்படி ரத்து செய்யலாம்னு உச்ச நீதிமன்றம் 2012-ல் கியான் சிங் வழக்கில் சொல்லியிருக்கு. கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரியானவற்றுக்கு அது பொருந்தாது.

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர்: இதுக்கு எதுக்குங்க சென்னை வரைக்கும்? ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா இன்ஸ்பெக்டரே முடிச்சிடுவார். என் மச்சானுக்கு அப்படித்தான் முடிஞ்சது.

உங்க மச்சான் மேல எஃப்ஐஆர் பதிவாகியிருக்காதுன்னு நினைக்கிறேன். மனு விசாரணை மட்டத்தில் அப்படி எழுதி வாங்கி அனுப்புறது உண்டு. எஃப்ஐஆர் போட்டபிறகு, சமாதானம் ஆயிட்டாங்கன்னு வழக்கை முடிக்கிற அதிகாரம் போலீசுக்கு இல்லை. பண்ருட்டிக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டார்.

திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு அம்மா: எனக்குக் கொடுத்த செக் திரும்பிடுச்சு. பணம் முழுசா தந்துட்டாங்க. நானும் உயர்நீதிமன்றம் போகணுமா?

வேண்டாம்மா, அது வேற சட்டம். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே ராஜி பண்ணிக்கலாம். பணம் உங்க கணக்கில் ஏறினதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. புதுசா இன்னொரு செக்கை வாங்கிக்கிட்டுப் போடாதீங்க.

பண்ருட்டிக்காரர் மறுபடி: கோர்ட்டில் "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை"ன்னு சொல்லிட்டா முடிஞ்சிடும்னு ஊர்ல சொல்றாங்களே?

பிறழ்சாட்சி ஆகச் சொல்றாங்க. தினம் நடக்கிறதுதான், நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா உங்க மேலேயே வழக்கு வரலாம். பார்த்த சாட்சி வேற யாராவது உறுதியா நின்னா பங்காளிக்குத் தண்டனையும் ஆகலாம்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர்: என் தம்பி கேஸ்ல கத்தின்னு எழுதி 118(1) போட்டிருக்காங்க. கீறல்தான் சார்.

அதுவும் பட்டியலில் இல்லை. உயர்நீதிமன்றம் ரத்து செய்யுமாங்கிறது காயம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம்ங்கிறதைப் பொறுத்தது. காயச் சான்றிதழைப் பார்க்காம நான் வாய் திறக்க முடியாது.