தங்கச் சாடியா, வெள்ளிச் சாடியா?

"டெல்பியின் அப்போலோ கோயிலில் குறி கேட்டுத்தான் கிரேக்க நகரங்கள் முடிவெடுத்தன என்கிறார்களே, அந்தக் கதைகளை எவ்வளவு நம்பலாம்?"

செல்வாக்கு உண்மை. கதைகளைத்தான் சலித்துப் பார்க்க வேண்டும்.

நம்பகமான ஒன்று, ஏதென்ஸ் கி.மு. 352-இல் கல்லில் வெட்டிவைத்த தீர்மானம். ஏதென்ஸுக்கு அருகிலிருந்த எலூசிஸ் கோயிலுக்குரிய புனித நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடலாமா, தரிசாகவே விடலாமா என்று சிக்கல். இரண்டு தகரத் தகடுகளில் தகட்டுக்கொரு விடையை எழுதி, சுருட்டி, கம்பளியில் பொதிந்து, குலுக்கி எடுத்து, ஒன்றைத் தங்கச் சாடியிலும் மற்றதை வெள்ளிச் சாடியிலும் போட்டு முத்திரையிட்டார்கள். எதில் எது என்று யாருக்கும் தெரியாது. தூதர்கள் டெல்பியில் கேட்டதெல்லாம், "தங்கமா, வெள்ளியா?" அவ்வளவுதான். குறி சொல்லும் பூசாரிணிக்கு லஞ்சம் கொடுத்தாலும் பயனில்லை!

இவ்வளவு முன்ஜாக்கிரதை ஏன்? அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன், ஸ்பார்ட்டா அரசன் தெமராட்டஸ் முறையான வாரிசா என்று டெல்பியைக் கேட்டார்கள். "இல்லை" என்று பதில் வர, பதவி போயிற்று. சக அரசன் கிளியோமெனிஸ் ஆள் வைத்துப் பூசாரிணியை வசப்படுத்தியது பிறகு வெளிப்பட, அவள் பதவியும் பறிபோனது என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

அதே ஹெரோடோட்டஸ்தான், இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த லிடிய நாட்டு மன்னன் குரோசஸுக்கு "போருக்குப் போனால் பெரிய பேரரசு ஒன்றை அழிப்பாய்" என்று குறி வந்ததாகவும், அழிந்தது அவனுடையதே என்றும் சொல்கிறார். நடந்து நூறாண்டு கழித்து எழுதியது அது. முடிவோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இரட்டுற மொழிதலை, பின்னால் புனைந்ததாகவே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கல்வெட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் "இதைச் செய்யலாமா?" போன்ற வறட்டுக் கேள்விகளே.