83 ஹெச்.பி.யா, 190 டார்க்கா? போடிமெட்டு ஏறுவதற்கு எதைப் பார்த்து வண்டி எடுப்பது

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் போடிநாயக்கனூர். ராஜகுமாரி பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்துக்கு ரெண்டு தடவை, நாலு பேரும் ரெண்டு மூட்டையுமாக மெட்டு ஏற வேண்டியிருக்கிறது. 2018 மாடல் ஸ்விஃப்ட் ரெண்டு பார்த்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் வண்டிக்கு 83 ஹெச்.பி., 113 டார்க். டீசலுக்கு 75 ஹெச்.பி., 190 டார்க். “ஹெச்.பி. கூட இருக்கிற வண்டிதாண்ணே மலை ஏறும், பெட்ரோலை எடுங்க” என்கிறார் புரோக்கர். எனக்கு டீசல் மேல்தான் ஆசை. ஏறுமா, மூச்சு வாங்குமா?

பதில்: ஏறும். பெட்ரோலும் ஏறும். ஆனால் புரோக்கர் சொன்ன காரணம் தப்பு. அந்தக் காரணத்தை நம்பி எந்த வண்டியை எடுத்தாலும் கடைசியில் கிளட்ச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

டார்க் என்பது என்ஜின் தன் தண்டைத் திருகுகிற பலம். வீல் போல்ட் கழற்றும்போது ஸ்பேனரில் கொடுக்கிறீர்களே, அதே திருகல்தான். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பதினொன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன திருகல் கிடைக்குமோ, அது 113 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய பத்தொன்பதரைக் கிலோ தொங்கவிட்டால் 190. அவ்வளவுதான் டார்க்.

அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் என்ஜின் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக் கொண்டால் ஹெச்.பி. வந்துவிடும். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,000-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆக, ஹெச்.பி.யும் டார்க்கும் வேறு வேறு சரக்கு இல்லை. அதனால்தான் “எது பெரிசு” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எத்தனை ஆர்.பி.எம்.மில் வருகிறது” என்று கேட்க வேண்டும். பெட்ரோல் வண்டியின் 83 ஹெச்.பி. கிடைப்பது 6,000 ஆர்.பி.எம்.மில். மெட்டு ரோட்டில் யார் 6,000 வரை மிதிக்கிறார்கள்? அதன் 113 டார்க்குமே 4,200-ல்தான் முழுசாக வருகிறது. டீசலின் 190 டார்க் 2,000-லேயே வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் பாதையை எடுத்துக்கொள்வோம். வண்டி, ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து அடி போனால் ஒரு அடி உயருகிற ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்தில் வேண்டியது வெறும் 12 ஹெச்.பி. எட்டுக்கு ஒன்று என்று செங்குத்தாக நிற்கிற கொண்டை ஊசியில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 14. ஏசி ஓடினால் மூன்று நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 83-உம் வேண்டாம், 75-உம் வேண்டாம். புரோக்கர் பெரிதாகப் பேசுகிற அந்த எட்டு ஹெச்.பி. வித்தியாசத்துக்கு மலையில் வேலையே கிடையாது.

வித்தியாசம் தெரிகிற இடம் வேறு. 2,000 ஆர்.பி.எம்.மில் டீசல் 190 டார்க் கொடுக்கிறது என்றால், அந்த நிமிடத்தில் அதனிடம் 54 ஹெச்.பி. இருக்கிறது. அதே 2,000-ல் பெட்ரோலின் டார்க் 100-க்குப் பக்கத்தில் இருக்கும். அதாவது 28 ஹெச்.பி., கிட்டத்தட்ட பாதி. பெட்ரோலிலும் 54 வேண்டுமென்றால் 3,500 வரை மிதிக்க வேண்டும். என்ஜின் அலறும், பின் சீட்டில் இருப்பவர் “ஏன் இப்படிக் கத்துது, கியரை மாத்துப்பா” என்பார், நீங்களும் மாற்றிவிடுவீர்கள். மாற்றியதும் சுற்று கீழே விழுந்து வண்டி சோர்ந்துபோகும். பெட்ரோல் வண்டிக்கு மலையில் வருகிற கெட்ட பெயரில் பெரும்பங்கு இப்படிச் சீக்கிரம் கியர் மாற்றுவதால் வந்தது. தாழ்ந்த கியரில் 3,000-க்கு மேல் பயப்படாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு அது நன்றாகவே ஏறும். அந்தச் சத்தத்தால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த எண்களை வைத்து டீசலுக்கு ஒன்றேமுக்கால் மடங்கு பலம் என்று நினைத்துவிடவும் கூடாது. சக்கரத்துக்குப் போகிற திருகலைக் கியர்பாக்ஸ்தான் பெருக்கிக் கொடுக்கிறது. டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் அதற்கு உயரமான கியர் விகிதம் வைப்பார்கள். அந்த அளவுக்குப் பெருக்கல் குறையும். ஆக, சக்கரத்தில் வித்தியாசம் இருக்கும், ஆனால் காகிதத்தில் தெரிகிற அளவுக்கு இருக்காது.

டீசலில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அதுதான் உங்களைச் சோதிக்கப் போகிறது. 190 டார்க்கைக் கொடுப்பது, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ. டர்போவைச் சுற்றுவது என்ஜினிலிருந்து வெளியே போகிற புகை. சுற்று குறைந்தால் புகை குறையும், புகை குறைந்தால் டர்போ தூங்கிவிடும். 1,500-க்குக் கீழே அது டர்போ இல்லாத சின்ன டீசல் என்ஜின் மட்டும்தான். பெட்ரோலைவிடப் பெரிய பலசாலி ஒன்றும் இல்லை.

ஒரு வளைவை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஒன்று இறங்குகிறது. நீங்கள் ஒதுங்கி வேகத்தைக் குறைக்கிறீர்கள். கியர் இரண்டில் இருக்கிறது, வேகம் 20-க்கு வந்துவிட்டது. இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் என்றால் என்ஜின் சுமார் 1,250 ஆர்.பி.எம்.மில் சுற்றிக்கொண்டிருக்கும். ஜீப் போனதும் மிதிக்கிறீர்கள். வண்டி உதறுகிறது, “டக் டக்” என்று இடிக்கிறது, ஏறவில்லை. உடனே பாதி கிளட்ச்சை அமுக்கி என்ஜினைச் சுற்றவிடுகிறீர்கள். வண்டி ஏறிவிடும். ஆனால் கிளட்ச் தட்டு தேய்வது அந்தச் சில வினாடிகளில்தான். அதற்குப் பதிலாக வளைவுக்குள் நுழையும் முன்னரே ஒன்றாம் கியருக்கு வந்துவிட்டால், அதே வேகத்தில் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாகி 2,300-க்குப் போகும். டர்போ விழித்திருக்கும், வண்டி சிரமமில்லாமல் திரும்பும். “நல்ல டீசல் எல்லா வளைவையும் செகண்டிலேயே ஏறும்” என்று பெருமை பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டீசல் எடுத்தால் ஊசியை 1,800-க்குக் கீழே விழவிடக் கூடாது. விழப்போகிறது என்று தெரிந்தால் முன்னதாகவே கியரைக் குறையுங்கள். மலைக்கு அது போதும்.

ஹெச்.பி.க்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. தேனியிலிருந்து வத்தலக்குண்டு போகிற சமதள ரோட்டில், 80-ல் போகிற லாரியைத் தாண்டி எதிர்வண்டி வருவதற்குள் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும் அல்லவா? அங்கே மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் பெட்ரோல் 5,000-க்கு மேலும் உற்சாகமாக ஏறிக்கொண்டே போகும். டீசல் 4,000-லேயே எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிடும். அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடும். வேகமாகப் போகும்போது கைகொடுப்பது ஹெச்.பி., சுமையோடு மெதுவாகப் போகும்போது கைகொடுப்பது குறைந்த சுற்றில் கிடைக்கிற டார்க்.

இதைச் சொல்லவேண்டியவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வண்டிப் பதிவுக்கான படிவம் 20-ல் குதிரைத்திறனுக்கு ஓர் இடம் இருக்கிறது, டார்க்குக்கு இல்லை. விளம்பரத்தில் உச்ச எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். 1,500-ல் எவ்வளவு, 2,500-ல் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடத்தை ஷோரூமில் கேட்டுப்பாருங்கள், கேட்ட உங்களையே விநோதமாகப் பார்ப்பார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவருக்கு அந்த ஒரு படத்தைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? இந்த இருட்டில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்கள் காட்டுகிற டெஸ்ட் டிரைவ் பைபாஸில், இரண்டே பேரோடு, ஏசி போடாமல் நடக்கும். அதில் எந்த வண்டியும் பறக்கும். சில இடங்களில் என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிய டீசலை “ரீமேப் பண்ணியிருக்கு, டார்க் 230-க்கு மேல” என்று கூடுதல் விலை சொல்வார்கள். அந்த வண்டி வேண்டவே வேண்டாம். கம்பெனி வைத்த கிளட்ச் 190-ஐ மனதில் வைத்துச் செய்தது. கூடுதல் திருகலை மலையில் தினமும் கொடுத்தால் முதலில் போவது அந்தக் கிளட்ச்தான், அதற்குப் பிறகு டர்போ.

உங்கள் சூழலுக்கு நான் டீசலைத்தான் சொல்வேன், அதுவும் இந்தச் சோதனையில் தேறினால் மட்டும். நான்கு பேரையும் ஏற்றுங்கள், ஏசியைப் போடுங்கள், முந்தலைத் தாண்டி மெட்டு ரோட்டில் சில வளைவுகள் ஏறுங்கள். நேரான ஏற்றமாகப் பார்த்து, மூன்றாம் கியரில் 2,000-க்குச் சற்று மேலே சுற்று இருக்கும்போது முழுசாக மிதியுங்கள். முதுகைச் சீட்டோடு தள்ளுகிற மாதிரி வண்டி கிளம்ப வேண்டும். ஆர்.பி.எம். ஊசி மட்டும் சட்டென்று எகிறி, வேகம் கூடாமல், கருகல் வாசனை வந்தால் கிளட்ச் முடிந்தது. ஊசியும் ஏறாமல், வண்டியும் கிளம்பாமல், பின்னால் கரும்புகை வந்தால் டர்போவிலோ, அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாயிலோ கோளாறு. குழாய் விரிசல் என்றால் சின்னச் செலவு. டர்போ என்றால் விலையில் பெரிதாகக் குறைத்தால் ஒழிய விட்டுவிடுங்கள். கீழே இறங்கியதும் உங்கள் மெக்கானிக்கிடம், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறிப்புகளைப் படிக்கிற ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பழுதுக் குறிப்புகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் அது காட்டும். அந்த எண் ஐம்பது, அறுபது என்று இருந்தால் விற்பதற்காக நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“மலைக்கெல்லாம் கொண்டுபோக ஓனர் சம்மதிக்க மாட்டார்ண்ணே, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் பாருங்க” என்று புரோக்கர் சொன்னால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஓனரின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். அவரும் மறுத்தால், அந்த டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோல் வண்டியை இதே ரோட்டில், தாழ்ந்த கியரில் 3,500 வரை மிதித்து ஓட்டிப் பாருங்கள்.