ஏர் வாய்ட்ஸ் 4 சதவீதம் என்கிறது ரிப்போர்ட், எதை வைத்து?

பாலக்கோடு, சைட் இன்ஜினியர்: பழைய ரோட்டின் மேல் 40 மி.மீ. பிட்டுமினஸ் கான்கிரீட், கிரேடு 2. மிக்ஸ் டிசைன் ரிப்போர்ட்டில் தார் 5.4, ஏர் வாய்ட்ஸ் 4.0, ஸ்டெபிலிட்டி 13 கிலோ நியூட்டன். எல்லாமே லிமிட்டுக்குள் இருக்கு. ஆனாலும் ஏ.இ. கையெழுத்துப் போடாமல் ஜிஎம்எம் எங்கே என்று கேட்கிறார். ஏன் சார்?

அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஸ்டெபிலிட்டி 9 தாண்டினால் போதும், அங்கே உங்களுக்குப் பிரச்னை இல்லை. ஆனால் ஏர் வாய்ட்ஸ், அதாவது அடித்த கலவைக்குள் நிற்கும் காற்றிடம், நேரடியாக அளந்து வருவதில்லை. ஜிஎம்எம் என்பது காற்றே இல்லாவிட்டால் கலவைக்கு இருக்கும் அடர்த்தி. அச்சில் அடித்த கட்டியின் அடர்த்தியை ஜிஎம்எம்மால் வகுத்துத்தான் அது வருகிறது. அந்த ஜிஎம்எம் தப்பாக இருந்தால் 4.0 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் கட்டியின் அடர்த்தி 2.357, ஜிஎம்எம் 2.456. ஜல்லியின் பல்க் கிராவிட்டி 2.67ஐ சூத்திரத்தில் போட்டால் இதே 2.456தான் வரும். நானும் போட்டுப் பார்த்தேன். அப்படியென்றால் லேபில் உதிரிக் கலவையை வைத்து யாரும் அளக்கவில்லை, கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். இதில் விட்டுப்போவது, ஜல்லி உறிஞ்சிக்கொள்ளும் தார். நம் பக்கத்துக் கல் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கல்தான், ஆனாலும் கொஞ்சம் தாரை உள்ளே இழுக்கும். அதையும் சேர்த்து ஜல்லியின் கிராவிட்டி 2.70 என்று வந்தால் ஜிஎம்எம் 2.480 ஆகிவிடும். அதே கட்டிக்கு ஏர் வாய்ட்ஸ் 5.0. லிமிட் 3 முதல் 5 வரை, நீங்கள் நிற்பது விளிம்பில்.

சரி, என்ன செய்யலாம்? 5.4 கலவையை மறுபடி போடச் சொல்லுங்கள். கலந்ததும் இரண்டு மணி நேரம் ஓவனில், அடிக்கும் சூட்டிலேயே வைக்க வேண்டும். தார் கல்லுக்குள் இறங்குவது அந்த நேரத்தில்தான். ஆறியதும் கட்டியில்லாமல் கையால் உதிர்த்து, தண்ணீரில் மூழ்கவிட்டு, 15 நிமிடம் வேக்குவம் போட்டுக் குலுக்க வேண்டும். குமிழி வருவது குறைந்துவிட்டதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு சாம்பிள் செய்யச் சொல்லுங்கள்.

தொப்பூர், பிளாண்ட் ஆபரேட்டர்: எங்க ரிப்போர்ட்டில் ஸ்டெபிலிட்டி 5.0லதான் உச்சம். கணவாயில் லோடு லாரி ஊர்ந்து ஏறுது, தார் கூடினா ரோடு பள்ளம் வாங்கும். 5.0லயே போட்டா என்ன?

பள்ளம் பற்றிச் சொன்னது சரி, ஏற்றத்தில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து விஜி-40 என்ற கெட்டியான தாரும் நல்ல கிரேடிங்கும்தான். தாரைக் குறைத்தால் ஏர் வாய்ட்ஸ் ஏறும், மழைத் தண்ணீர் உள்ளே போகும், ஜல்லி பெயரும். ஸ்டெபிலிட்டி உச்சத்தைப் பார்த்துத் தார் அளவை முடிவு செய்யாதீர்கள், 4 சதவீத ஏர் வாய்ட்ஸ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தவிர, கிரேடு 2க்கு 5.4தான் குறைந்தபட்சம்.

பென்னாகரம்: எங்க தெருவில் போட்ட ரோடு ஒரே மழைக்குப் பெயர்ந்துடுச்சு. தார் 4 சதவீதம்தான் போட்டாங்கன்னு அர்த்தமா?

இல்லைங்க. இங்கே பேசும் 4 காற்றிடத்தின் அளவு, தார் அளவு அல்ல. உங்கள் ரோட்டில் தகடு தகடாக உரிந்து அடியில் பழைய ரோடு தெரிகிறதா, இல்லை ஒவ்வொரு கல்லாகக் கழன்று வருகிறதா? தகடாக வந்தால், பழைய ரோட்டோடு ஒட்டுவதற்கு முதலில் தெளிக்கும் டேக் கோட் மேல்தான் முதலில் சந்தேகம். கல் கல்லாக வந்தால் தார் குறைவாக இருக்கலாம், ரோலர் ஓட்டுவதற்குள் கலவை ஆறியும் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவை வைத்து எது என்று என்னால் சொல்ல முடியாது.

பாலக்கோடு, சைட் இன்ஜினியர்: சார், ட்ரையல் ஸ்ட்ரெட்ச் போட்டாச்சு. ரோட்டில் வெட்டி எடுத்த கோர் அடர்த்தி 2.275, ஜிஎம்எம்மில் 92.6 சதவீதம் வருது. 92 போதும்னா பாஸ்தானே?

எந்த ஜிஎம்எம்? 2.456ஆல் வகுத்தால் 92.6. 2.480 என்றால் 91.7, ஃபெயில். ஒரே தப்பு எண் டிசைனையும் பாஸ் செய்யும், கோரையும் பாஸ் செய்யும், அதனால்தான் இது கண்ணில் படுவதே இல்லை. ஆரம்ப வருடங்களில் ஒரு வேலையில் நானும் இப்படித்தான் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் வீல் பாதை முழுக்க ஜல்லி கழன்று கிடந்ததை நேரில் போய்ப் பார்த்தேன், இன்றும் உறுத்துகிறது. அளந்த எண் வரும்வரை மெயின் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம், லேப் டெக்னீஷியன்: அதே குவாரி, ஆனா இப்போ வேற முகத்தில் வெடி வைக்கிறாங்க. புது டிசைன் வேணுமா?

கிரஷரோ குவாரியோ மாறினால் புது டிசைன் கட்டாயம். முகம் மாறுவதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. நானாக இருந்தால் கிராவிட்டி, தண்ணீர் உறிஞ்சல், ஜிஎம்எம் மூன்றையும் மறுபடி எடுத்துப் பழைய எண்ணோடு வைத்துப் பார்ப்பேன். ஜிஎம்எம் 0.02 நகர்ந்தாலே ஏர் வாய்ட்ஸ் முக்கால் சதவீதத்துக்கு மேல் நகரும். அப்போது ஏ.இ.யிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.