வரி பாக்கிக்கு ஏல நோட்டீஸ் வந்தால்

கேள்வி: அப்பா நடத்திய கடையின் விற்பனை வரி பாக்கிக்காக அவர் பெயரில் உள்ள வீட்டையும் நிலத்தையும் ஏலம் விடுவதாக தாலுகா ஆபீஸில் இருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உடனே என்ன செய்யணும், என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் இது 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி நடக்கும். முதலில் நோட்டீஸில் ஏலத் தேதியைப் பாருங்கள். ஏலத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அந்த அறிவிப்பு கலெக்டர் அலுவலகம், தாலுகா அலுவலகம், பக்கத்துக் காவல் நிலையம், உங்கள் நிலம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் (பிரிவு 36). நான்கையும் இன்றே போய்ப் பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஓரிடத்தில் ஒட்டவில்லை என்றாலும் அந்தப் படம் பின்னால் உதவும்.

அடுத்து தாசில்தாரிடம் எழுத்து மூலம் கணக்கு கேளுங்கள்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்த ஆண்டுக்கான வரி. அப்பா ஏற்கெனவே கட்டிய செலான்கள் வரவு வைக்கப்படாமல் இருப்பது உண்டு. மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணம் புரட்ட முடிந்தால், ஏலத்துக்கு முந்தைய நாள் சூரியன் மறைவதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் ஏலம் நின்றுவிடும் (பிரிவு 37). ஏல நாள் காலையில் பணத்தோடு போனால் அந்த உரிமை கிடையாது. வரியே தவறு என்பது உங்கள் வாதமானால், மேல்முறையீடு போட்டால் மட்டும் போதாது. தடையாணை கையில் இல்லாவிட்டால் ஏலம் நடந்துவிடும்.

பலரும் கேட்காமல் விடுவது பிரிவு 44. பாக்கிக்குப் போதுமான பகுதியை மட்டும்தான், இயன்றவரை, விற்க வேண்டும். பாக்கி 4 லட்சம், வீடு 10 சென்ட்டில், பக்கத்தில் 50 சென்ட் காலி நிலம் என்று வைத்துக்கொள்வோம். காலி நிலத்தில் ஒரு துண்டே அந்தத் தொகைக்குப் போகும் என்றால், சர்வே எண், வரைபடம், வழிகாட்டி மதிப்புடன் “இதை மட்டும் விற்கவும், வீட்டை விடவும்” என்று ஏலத்துக்கு முன்பே மனு கொடுங்கள்.

ஏலம் முடிந்துவிட்டாலும் 30 நாள் இருக்கிறது. மொத்தமும் 30 லட்சத்துக்குப் போனது என்றால், எடுத்தவர் அன்றே 15 சதவீதம், அதாவது 4.5 லட்சம் கட்டியிருப்பார். நீங்கள் வட்டி, செலவோடு சேர்த்து பாக்கி 4 லட்சத்தையும், அவருக்காக ஏலத் தொகையில் 5 சதவீதமான 1.5 லட்சத்தையும், ஆக 5.5 லட்சம் கட்டி மனு போட்டால் ஏலம் ரத்தாகும் (பிரிவு 37-ஏ). பணம் கட்டாமல் ரத்து கேட்கும் வழி பிரிவு 38. அதற்கும் 30 நாள்தான். அறிவிப்பிலோ ஏலத்திலோ பெரிய முறைகேடு நடந்தது, அதனால் உங்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டவில்லை என்று மட்டும் சொன்னால் நிற்காது.

இங்கே கவனம் தேவை. பிரிவு 38-இல் மனு போட்டுவிட்டு அதைத் திரும்பப் பெறாமல் 37-ஏ வழியில் போக முடியாது. 38 மனு கிடப்பில் இருக்கும்போதே 30 நாள் ஓடிவிட்டால், பணம் கையில் இருந்தும் பயனில்லை. தொகையைத் திரட்ட முடியும் என்றால் 37-ஏ-தான் உறுதியான வழி.