மகளின் பாக்கிப் பணமும் சித்தப்பா சொல்லும் எம்.பி.ஏ.வும்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் துணிக்கடைகளுக்கு விளம்பரப் படங்கள் வடிவமைத்துத் தருகிறாள். ஒரு கடைக்காரர் 18,000 ரூபாயை இழுத்தடிக்கிறார். “இதெல்லாம் ஒரு பிழைப்பா? எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடுங்கள்” என்கிறார் சித்தப்பா. ஒரு பாக்கி வரவில்லை என்பதற்காகப் பல லட்சம் கடன் வாங்கி, அவள் விரும்பாத படிப்பில் இரண்டு வருடம் உட்காரவைப்பதை நான் ஏற்க மாட்டேன். அவளுக்கு வேலை தெரிகிறது. பணம் கேட்கத்தான் தெரியவில்லை.

அவள் அனுப்பிய செய்தியைப் பாருங்கள்: “மன்னிக்கவும் சார், தொந்தரவு செய்கிறேன். வீட்டில் கொஞ்சம் பணமுடை. முடிந்தபோது அனுப்பினால் உதவியாக இருக்கும்.” தவறு செய்யாதவள் மன்னிப்புக் கேட்கிறாள். செய்த வேலைக்கான கூலி, ‘உதவி’ என்றதும் கைமாற்றாகிவிடுகிறது. ‘முடிந்தபோது’ என்று அவளே தவணை கொடுத்துவிட்டாள். எந்த பில், எவ்வளவு தொகை என்பதும் இல்லை. கணக்குப் பார்ப்பவர் எதைத் தேடுவார்?

இப்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள்:

“வணக்கம் சார். ஜூன் 5 அன்று அனுப்பிய பில் எண் 14, ரூ. 18,000, ஜூன் 20க்குள் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. பில்லை மீண்டும் இணைத்திருக்கிறேன். ஜூலை 16, புதன்கிழமைக்குள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். பில்லில் ஏதேனும் திருத்தம் வேண்டுமானால் நாளைக்குள் தெரிவியுங்கள். தொகை வந்ததும் ஆடித் தள்ளுபடிப் படங்களைத் தொடங்குகிறேன். நன்றி.”

இதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. ஆனால் நாள் இருக்கிறது, கிழமை இருக்கிறது. ‘உடனடியாக’ என்று எழுதியிருந்தால் அதை அவரவர் வசதிக்கு நீட்டிக்கொள்வார்கள். புதன்கிழமையைச் சொன்னதற்கும் காரணம் உண்டு: பணம் வராவிட்டால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தொலைபேசியில் கேட்கக் கையில் இருக்கும். திருத்தம் பற்றிய வரி, பிறகு “பில்லில் தப்பு இருந்தது” என்ற சாக்குக்கு இடம் வைக்காது. கடைசி வரியை எழுதினால் அதன்படி நடக்க வேண்டும்; பணம் வருமுன் ஒரு படம்கூடப் போகக் கூடாது.

அடுத்து, குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. தனியாளாகத் தொழில் செய்பவரும் ஆதார் எண்ணைக் கொண்டு udyamregistration.gov.in தளத்தில் பதியலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறுந்தொழில் செய்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டியும் சேரும். முதல் நினைவூட்டலிலேயே சட்டத்தைக் காட்ட வேண்டாம். பதிவுக்குப் பிந்தைய பில்களில் உத்யம் எண்ணை மட்டும் அச்சிடட்டும். பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தை நம்பியிருக்கவும் வேண்டாம்.

அந்தக் கடைக்கு அடுத்த வேலை செய்வதானால், பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.